லென்ஸ் படத்தில் பிம்பம் எங்கே விழும்? குழிலென்ஸில் தடுமாறாமல் வரைவது

அக்கா மகளுக்கு ஒளியியல் ஸ்லைடு செய்து கொடுத்தேன். குவிலென்ஸ் அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது, குழிலென்ஸுக்கு இரண்டு சாயங்காலம் போனது. எங்கே தப்பு செய்தேன் என்று பிறகுதான் பிடிபட்டது.

இரண்டுக்கும் ஒரே கணக்கை எடுத்துக்கொள்வோம். குவியத்தூரம் 10 செ.மீ., லென்ஸிலிருந்து 15 செ.மீ. தள்ளி 2 செ.மீ. உயர மெழுகுவர்த்தி. ஸ்லைடில் இடம் போதாது என்பதால் கிடைமட்ட அளவுகளை மட்டும் பாதியாக்குங்கள். உயரத்தை அப்படியே விடலாம், பிம்பத்தின் இடம் மாறாது.

லென்ஸ் வடிவத்தை மங்கலாகப் போட்டு அதன் நடுவே ஒரு செங்குத்துக் கோடு வரையுங்கள். கதிர் வளைவது அந்தக் கோட்டில் மட்டும்தான். லென்ஸின் இரண்டு பரப்பிலும் தனித்தனியாக வளைத்தால் பிம்பம் நகர்ந்துவிடும்.

முதலில் குவிலென்ஸ். சுடரின் நுனியிலிருந்து அச்சுக்கு இணையாக ஒரு கதிர், அது நடுக்கோட்டில் வளைந்து மறுபக்கக் குவியம் வழியாகப் போகும். இன்னொரு கதிர் லென்ஸ் மையம் வழியாக வளையாமல் நேரே போகும். இரண்டும் மறுபக்கம் 30 செ.மீ.யில் வெட்டும், 4 செ.மீ. உயரத்தில் தலைகீழ் மெய்பிம்பம்.

இப்போது குழிலென்ஸ். நான் பழக்கத்தில் இணைகதிரை மறுபக்கக் குவியத்துக்கே இழுத்துக்கொண்டிருந்தேன். இங்கே கதிர் விலகி மேலே போக வேண்டும். எவ்வளவு மேலே? மெழுகுவர்த்தி இருக்கும் பக்கத்துக் குவியத்திலிருந்து புறப்பட்டு வந்தது போலத் தெரியும் அளவுக்கு. அதனால் கதிரை முதலில் வரையாதீர்கள். அந்தக் குவியத்திலிருந்து, இணைகதிர் நடுக்கோட்டைத் தொட்ட புள்ளி வழியாக, ஒரே நீளக் கோடாக வலப்பக்கம் வரை இழுத்துவிட்டு, லென்ஸுக்கு இடப்பக்கத் துண்டைப் புள்ளிக்கோடாக்குங்கள். இரண்டு துண்டாக வரைந்தால் சாய்வு ஒட்டாமல் போகும், எனக்கு அப்படித்தான் கெட்டது. புள்ளிக்கோடு மையக் கதிரை வெட்டும் இடம்தான் பிம்பம்: லென்ஸிலிருந்து 6 செ.மீ., அதே பக்கம், 0.8 செ.மீ. உயரம், நேரான மாயபிம்பம். அங்கே ஒளி உண்மையில் கூடுவதில்லை, திரை வைத்தால் ஒன்றும் விழாது.

வரைய எனக்குப் பிடித்தது லிப்ரே ஆபிஸ் இம்ப்ரஸ்தான், ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டு இழுத்தால் கோடு கிடையாக நிற்கும். வெட்டுப்புள்ளியைச் சரிபார்க்க மட்டும் ஜியோஜீப்ரா.

பின்சேர்க்கை: குவிலென்ஸில் மூன்றாவது கதிரையும் போட்டுப் பார்த்த ஒருவர், இந்தப் பக்கக் குவியம் வழியாகப் போகும் கதிர் லென்ஸில் படவே இல்லையே என்று கேட்டிருந்தார். சரிதான், இந்தக் கணக்கில் அது அச்சுக்கு 4 செ.மீ. கீழே போய்த்தான் நடுக்கோட்டைத் தொடும், அவர் வரைந்த லென்ஸ் அச்சுக்குக் கீழே 3 செ.மீ.தான் இருந்தது. நடுக்கோட்டைக் கீழே நீட்டி, அங்கிருந்து கதிரை அச்சுக்கு இணையாக வெளியேற்றுங்கள், அதே 30 செ.மீ. புள்ளிக்கு வந்து சேரும். லென்ஸ் சின்னதாக இருந்தால் பிம்பத்துக்கு வரும் ஒளி குறையும், இடம் அதேதான்.