கறுப்புத் தொட்டியில் உள்ள தண்ணீர் பிற்பகலில் எவ்வளவு சூடாகும்? நாமே கணக்கிடும் முறை

மொட்டை மாடியில் வெயிலில் நிற்கும் கறுப்பு நெகிழித் தொட்டியின் வெப்பநிலையை ஒரு தாளிலோ விரிதாளிலோ அரை மணி நேரத்தில் கணக்கிட்டுவிடலாம். உள்ளே வரும் வெயிலிலிருந்து வெளியே போகும் வெப்பத்தைக் கழித்து, மிஞ்சுவதைத் தண்ணீரின் வெப்பக் கொள்ளளவால் வகுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 1.1 மீட்டர் விட்டமும் 1.05 மீட்டர் நீர் உயரமும் கொண்ட, நிமிர்ந்து நிற்கும் 1000 லிட்டர் தொட்டியை எடுத்துக்கொள்வோம். நாள் மேகமற்றது, உச்சி வேளையில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேல் வருகிறது, தண்ணீர் காலை 8 மணிக்கு 28 டிகிரி செல்சியஸில் இருக்கிறது, யாரும் குழாயைத் திறக்கவில்லை.

படி 1: பரப்புகள்

மூடியின் பரப்பு 0.95 சதுர மீட்டர். சுவரின் பரப்பு 3.63 சதுர மீட்டர். அடிப்பாகம் தளத்தின் மேல் அமர்ந்திருப்பதால் அதை விட்டுவிடலாம்.

படி 2: தொட்டியின் மீது விழும் வெயில்

புதிதாகக் கணக்கிடுபவர்கள் பெரும்பாலும் இந்தப் படியில்தான் தடுமாறுகிறார்கள். வெப்பத்தை இழப்பது தொட்டியின் முழுப் பரப்பு. நேரடி வெயிலை வாங்குவதோ சூரியனைப் பார்த்திருக்கும் பகுதி மட்டும், அதுவும் சாய்வாக. இரண்டுக்கும் ஒரே பரப்பைப் போட்டால், தண்ணீர் உண்மையில் ஆவதை விட மிகவும் சூடாவதாக விடை வரும்.

சாய்கோணங்களோடு போராடாமல் இதைத் தீர்க்க நிழலே போதும். சமதளத்தில் தொட்டியின் நிழல் மூடும் பரப்பை (தொட்டி நிற்கும் இடத்தையும் சேர்த்து), அந்த நேரத்தில் ஒரு சதுர மீட்டர் தரையில் விழும் நேரடி வெயிலால் பெருக்கினால், தொட்டி தடுத்து நிறுத்திய நேரடி வெயில் முழுவதும் கிடைத்துவிடும். நிழலின் ஓரத்தைச் சாக்கட்டியால் வரைந்து அளக்கலாம். அதில் 0.95 சதுர மீட்டர் மூடியின் பங்கு; மீதி சுவரின் பங்கு.

காலை 8 மணிக்கு நிழல் சுமார் 3.1 சதுர மீட்டர். தரையில் விழும் நேரடி வெயிலோ சதுர மீட்டருக்கு 280 வாட்தான். 10 மணிக்கு நிழல் 1.7 ஆகச் சுருங்க, வெயில் 640 வாட்டாக ஏறுகிறது. உச்சி வேளையில் இவை 1.1, 810 என்றாகின்றன. பெருக்கிப் பாருங்கள்: மூன்று நேரங்களிலும் ஏறக்குறைய 900 முதல் 1100 வாட் வரைதான் வருகிறது. சூரியன் தாழ்ந்திருக்கும்போது சுவரும், உயர்ந்திருக்கும்போது மூடியும் வெயிலை வாங்குவதால், நிமிர்ந்த தொட்டிக்கு உச்சி வேளை என்பது தனிச் சிறப்பான நேரம் அல்ல.

இதனுடன், வானத்தில் சிதறி வரும் ஒளியையும் தளத்திலிருந்து எதிரொளிக்கும் வெயிலையும் சேர்க்க வேண்டும். சாம்பல் நிறக் காங்கிரீட் தளம் தன் மீது விழுவதில் கால் பங்கை எதிரொளிக்கும் என்று கொண்டால், இந்த இரண்டும் சேர்ந்து 10 மணிக்குச் சுவருக்கு மட்டும் சுமார் 540 வாட் தருகின்றன. இதை விட்டுவிடுகிற கணக்கு எப்போதும் குறைவாகவே காட்டும்.

படி 3: அதில் தண்ணீருக்குப் போவது எவ்வளவு?

கறுப்பு நெகிழி தன் மீது விழுவதில் ஏறத்தாழ 95 விழுக்காட்டை உறிஞ்சும். ஆனால் உறிஞ்சப்படும் இடம் வெளிப்புறத் தோல் என்பதால், அந்த வெப்பத்தின் ஒரு பகுதி உள்ளே போகுமுன்பே காற்றுக்குத் திரும்பிவிடுகிறது. 6 மில்லிமீட்டர் சுவருக்குப் பின்னால் தண்ணீர் இருக்கும் இடத்தில், இதமான காற்றில், ஐந்தில் நான்கு பங்கு உள்ளே போகும். மூடிக்கும் தண்ணீருக்கும் இடையே காற்று நிற்பதால் அங்கே மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் கீழே இறங்கும். மூடியைத் தொட்டால் கை சுடுவதை வைத்துத் தண்ணீரின் சூட்டை மதிப்பிடக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

10 மணிக்குச் சுவரில் விழும் சுமார் 1030 வாட்டில் 790, மூடியில் விழும் 710 வாட்டில் 235, ஆக ஏறக்குறைய 1020 வாட் தண்ணீரைச் சேரும். இதே வழியில் 8 மணிக்கு 810, உச்சி வேளையில் 880 வருகின்றன. பகல் முழுவதற்கும் 900 என்று வைத்து, தொட்டியை விடக் குளிர்ந்த வானத்துக்குக் கதிர்வீச்சாகப் போகும் 100 வாட்டைக் கழித்தால், 800 வாட் மிஞ்சும்.

படி 4: காற்றுக்குப் போகும் இழப்பு

சுவர் வழியே சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு டிகிரி வேறுபாட்டுக்கும், சுமார் 10 வாட் இழப்பு. மூடி வழியே 4 வாட். முழுத் தொட்டிக்கும் சேர்த்து டிகிரிக்கு 40 வாட். பலத்த காற்று வீசினால் இழப்பு கூடும். அதோடு, முந்தைய படியில் சொன்ன ஐந்தில் நான்கு பங்கும் 70 விழுக்காட்டை நோக்கி இறங்கும்.

படி 5: மணிக்கு மணி நகர்தல்

```
T2 = T1 + (Q - UA*(T1 - Ta)) * 3600 / (m * 4186)
```

இதில் T1 என்பது மணியின் தொடக்கத்தில் தண்ணீரின் வெப்பநிலை, T2 என்பது ஒரு மணி நேரம் கழித்து அது எட்டும் வெப்பநிலை, Q என்பது 800 வாட், UA என்பது 40, Ta என்பது அந்த மணியின் காற்று வெப்பநிலை, m என்பது 1000 கிலோ. அடுக்குக்குறிச் சமன்பாடு ஒன்றையும் பாடநூல்கள் தரும். ஆனால் அது காற்று வெப்பநிலை மாறாது என்று கொள்வதால், விரிதாளில் ஒரு மணிக்கு ஒரு வரி என்று எழுதுவதையே நான் விரும்புகிறேன். காற்று 29-இலிருந்து 36 டிகிரிக்கு ஏறும் நாளில் முதல் மணியில் தண்ணீர் 28.7-ஐத் தொடுகிறது, உச்சி வேளையில் 31.1; பிற்பகல் 3 மணிக்கு 33.6. காலை முழுவதும் காற்றே தண்ணீரை விடச் சூடாக இருப்பதால் இங்கே "இழப்பு" என்பது உண்மையில் வரவாகிறது; 3 மணிக்குக்கூடத் தண்ணீர் காற்றை எட்டிப் பிடிக்கவில்லை.

அதே தொட்டியில் கால் பங்கு மட்டும் இருந்தால் கதை வேறு. நனைந்த சுவர் கால் பங்காகக் குறைந்தாலும், மூடியும் மேலே உலர்ந்திருக்கும் சுவரும் கீழ் நோக்கிக் கதிர்வீசுவதால், உள்வரும் வெப்பம் ஏறக்குறைய பாதியாகத்தான் குறைகிறது. 400 வாட், டிகிரிக்கு 15 வாட், 250 கிலோ என்று போட்டால் 3 மணிக்கு 38 டிகிரி வரும்.

படி 6: அளந்து சரிபார்த்தல்

கம்பியின் முனையில் உணரி உள்ள வெப்பமானியைத் தொட்டியின் நடு ஆழத்துக்கு இறக்கி அளப்பதே நம்பகமானது. அகச்சிவப்புத் துப்பாக்கி வெப்பமானி வெளித்தோலின் சூட்டைத்தான் காட்டும். இந்த வேலைக்கு அது உதவாது. குழாயடியில் அளப்பதும் முதலில் ஏமாற்றும். 25 மில்லிமீட்டர் கறுப்புக் குழாயில் மீட்டருக்கு அரை லிட்டர்தான் நிற்கிறது. வெயிலில் கிடக்கும் அந்தச் சிறிய அளவு ஓரிரு மணியில் 55 டிகிரியைத் தாண்டிவிடும். பிற்பகலில் கையைச் சுடுவது பெரும்பாலும் அந்தத் தண்ணீர்தான். பத்து மீட்டர் குழாய் என்றால் ஐந்தாறு லிட்டரை வாளியில் பிடித்த பிறகே தொட்டியின் தண்ணீர் வரும்.

பின்சேர்க்கை

வீட்டில் யாரும் இல்லாத ஒரு வாரத்துக்குப் பிறகு அளந்த வாசகர் ஒருவர், விடையை விட ஐந்து டிகிரி கூடுதலாக வந்ததாக எழுதியிருந்தார். அவருடைய அளவு சரியானதே. 1000 லிட்டரின் வெப்பக் கொள்ளளவை 40 வாட்டால் வகுத்தால் ஏறக்குறைய 29 மணி நேரம் வருகிறது. அதாவது ஓர் இரவுக்குள் தொட்டி தன் சூட்டை முழுமையாக இழக்காது. யாரும் பயன்படுத்தாத நாள்கள் தொடரும்போது ஒவ்வொரு விடியலும் முந்தையதை விடச் சற்றுச் சூடாகத் தொடங்கி, இந்த எடுத்துக்காட்டில் காலை வெப்பநிலை 34-இலும் பிற்பகல் வெப்பநிலை 38-39-இலும் நிலைபெறும். ஆகவே தொடக்க மதிப்பாகக் காலைக் காற்றின் வெப்பநிலையைப் போடாமல், 8 மணிக்குத் தொட்டிக்குள் அளந்ததையே போடுங்கள்.