பெல்மன்–ஃபோர்டு: எதிர்மச் சுழற்சி இருப்பதைச் சொன்னால் போதாது, அதைப் பிடித்தும் காட்ட வேண்டும்

அல்காரிதம் பாடத்தின் அசைன்மென்ட்டுகளில் இந்தக் கேள்வி பெரும்பாலும் இரண்டு பகுதிகளாக வரும். ஒரு தொடக்க முனையிலிருந்து மற்ற முனைகளுக்குக் குறைந்த தூரம் காண்பது முதல் பகுதி. எடைகளின் கூட்டுத்தொகை பூஜ்யத்துக்குக் கீழே போகும் சுழற்சி இருந்தால், அதன் முனைகளை வரிசையாக அச்சிடுவது இரண்டாம் பகுதி. முதல் பகுதியைப் பலரும் சரியாக எழுதிவிடுகிறார்கள். இரண்டாம் பகுதியில் நிரல் முடிவில்லாமல் ஓடுகிறது, அல்லது சுழற்சியே அல்லாத ஒன்றை அச்சிடுகிறது. ஆகவே இந்த விளக்கம் இரண்டாம் பகுதியில்தான் அதிக நேரம் நிற்கும்.

முதல் படி: டைக்ஸ்ட்ரா ஏன் உதவாது

மூன்று முனைகள் மட்டும் உள்ள கிராஃப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 0→1 எடை 2, 0→2 எடை 3, 2→1 எடை −2. டைக்ஸ்ட்ரா முறை முதலில் 1-ஆம் முனையை எடுத்து, அதன் தூரம் 2 என்று முடிவு செய்து மூடிவிடும். ஆனால் 2-ஆம் முனை வழியாகச் சென்றால் தூரம் 3 − 2 = 1 தான். ஒரு முனையை மூடிய பிறகு அதைவிடக் குறைந்த வழி வராது என்ற நம்பிக்கையில் அந்த முறை நிற்கிறது. எதிர்ம எடை வந்தவுடன் அந்த நம்பிக்கை பொய்த்துவிடுகிறது.

எல்லா எடைகளுடனும் 2-ஐக் கூட்டி எதிர்ம எடையே இல்லாமல் செய்துவிடலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் நேர்வழியின் எடை 4 ஆகிறது. இரண்டு விளிம்புகள் கொண்ட வழிக்கு இருமுறை கூட்ட வேண்டியிருப்பதால் அது 5 ஆகிறது. அதாவது, விளிம்புகள் அதிகமுள்ள வழிக்கு அதிக அபராதம் விழுந்து, தவறான வழி வென்றுவிடுகிறது.

இரண்டாம் படி: சுற்றுகளாக ஓடுதல்

லெஸ்டர் ஃபோர்டு 1956-இலும் ரிச்சர்ட் பெல்மன் 1958-இலும் வெளியிட்ட முறை எந்த முனையையும் அவசரப்பட்டு மூடுவதில்லை. தொடக்க முனையின் தூரம் 0, மற்றவற்றின் தூரம் முடிவிலி என்று வைத்துக்கொண்டு, எல்லா விளிம்புகளையும் வரிசையாகப் பார்க்கிறது. u→v என்ற விளிம்பின் வழியாக v-க்குக் குறைந்த தூரம் கிடைத்தால், `d[v]`-ஐ மாற்றி, `p[v]`-இல் முந்தைய முனையாக u-வைக் குறித்துக்கொள்கிறது. எல்லா விளிம்புகளையும் ஒருமுறை பார்த்து முடிப்பது ஒரு சுற்று.

n முனைகள் உள்ள கிராஃபில், எந்த முனையையும் இருமுறை தொடாத வழியில் அதிகபட்சம் n − 1 விளிம்புகளே இருக்க முடியும். k சுற்றுகள் முடிந்த நிலையில், k விளிம்புகளுக்குள் அடங்கும் வழிகள் அனைத்தும் கணக்கில் வந்திருக்கும். எனவே எதிர்மச் சுழற்சி எட்டாத கிராஃபில் n − 1 சுற்றுகளுக்குள் எல்லாம் அடங்கிவிடும். n-ஆவது சுற்றிலும் ஏதேனும் ஒரு தூரம் குறைந்தால், தொடக்க முனையிலிருந்து எட்டக்கூடிய எதிர்மச் சுழற்சி இருக்கிறது என்று பொருள்.

```python
def bellman_ford(n, edges, src):
    INF = float('inf')
    d = [INF] * n
    p = [-1] * n
    d[src] = 0
    for _ in range(n):
        x = -1
        for u, v, w in edges:
            if d[u] != INF and d[u] + w < d[v]:
                d[v] = d[u] + w
                p[v] = u
                x = v
        if x == -1:
            return d, None
    for _ in range(n):
        x = p[x]
    cycle = [x]
    y = p[x]
    while y != x:
        cycle.append(y)
        y = p[y]
    cycle.append(x)
    cycle.reverse()
    return d, cycle
```

`d[u] != INF` என்ற சோதனை பைத்தானில் இல்லாவிட்டாலும் பிழை வராது, ஏனெனில் முடிவிலியிலிருந்து 5-ஐக் கழித்தாலும் அங்கே முடிவிலியே மிஞ்சும். சி++ மொழியில் முடிவிலிக்குப் பதிலாக ஒரு பெரிய எண்ணை வைப்பவர்கள் இதை விட்டுவிட்டால், எட்டவே முடியாத முனைக்கு அந்தப் பெரிய எண்ணைவிடச் சற்றுக் குறைந்த ஒரு தூரம் வந்து நிற்கும். விடையில் அத்தகைய விசித்திரமான எண்ணைக் கண்டால் முதலில் இந்த வரியைத்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாம் படி: கையால் ஓட்டிப் பார்த்தல்

ஐந்து முனைகள், ஐந்து விளிம்புகள். விளிம்புகளை இதே வரிசையில் பார்ப்போம்: 0→1 எடை 4, 1→2 எடை 3, 2→3 எடை −5, 3→1 எடை 1, 3→4 எடை 2. இதில் 1→2→3→1 என்ற சுழற்சியின் எடை 3 − 5 + 1 = −1.

முதல் சுற்றில் 1-ஆம் முனைக்கு 4, 2-க்கு 7, 3-க்கு 2 என்று தூரம் கிடைக்கிறது. அதே சுற்றில் 3→1 விளிம்பு 1-ஆம் முனையின் தூரத்தை 3 ஆகக் குறைத்து, `p[1]`-ஐ 0-இலிருந்து 3-க்கு மாற்றிவிடுகிறது. இறுதியாக 4-ஆம் முனை 4 என்ற தூரத்தைப் பெறுகிறது. அடுத்த ஒவ்வொரு சுற்றிலும் 1, 2, 3, 4 ஆகிய நான்கு முனைகளின் தூரமும் ஒவ்வொன்று குறைந்துகொண்டே போகிறது. ஐந்தாவது சுற்றின் முடிவில் அவை முறையே −1, 3, −2, 0. ஐந்தாவது சுற்றிலும் மாற்றம் நிகழ்ந்ததால் சுழற்சி உறுதியாகிறது.

அந்தச் சுற்றில் கடைசியாக மாறிய முனை எது என்று கவனியுங்கள். அது 4. ஆனால் 4-ஆம் முனையிலிருந்து எந்த விளிம்பும் வெளியே போகவில்லை. அது சுழற்சியில் இருக்கவே முடியாது. சுழற்சி தன் வாலில் தொங்கும் முனைகளின் தூரத்தையும் சேர்த்துக் குறைக்கும் என்பதால், கடைசியாக மாறிய முனை சுழற்சிக்கு வெளியே இருக்கலாம். நேராக 4-இல் தொடங்கி, மீண்டும் 4 வரும்வரை பின்னோக்கி நடக்கும்படி எழுதினால், நிரல் 3, 2, 1, 3, 2, 1 என்று சுற்றிக்கொண்டே இருக்கும். 4 திரும்ப வராது.

தீர்வு எளிது. பின்னோக்கி n முறை நடந்தால், வால் எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதைக் கடந்து சுழற்சிக்குள் நுழைந்துவிடுவோம், ஏனெனில் மொத்த முனைகளே n தான். இங்கே 4-இலிருந்து 3, 2, 1, 3, 2 என்று ஐந்து அடிகள் நடந்து 2-இல் நிற்கிறோம். அங்கிருந்து சுழற்சியை எழுதினால் 2, 1, 3, 2 என்று வரும். பின்னோக்கி நடந்ததால் இது தலைகீழாக இருக்கிறது, திருப்பினால் 2→3→1→2. அதன் எடை −5 + 1 + 3 = −1. அச்சிடும் முன் இந்தக் கூட்டலை நிரலிலேயே ஒருமுறை செய்து பார்ப்பது நல்லது. திருப்ப மறந்திருந்தால், 2→1 என்ற விளிம்பே இல்லை என்று அப்போது தெரிந்துவிடும்.

கேள்வியைத் திரும்பப் படிக்க வேண்டிய இடங்கள்

தூரங்களையும் கேட்டிருந்தால், மேலே வந்த −1, 3, −2, 0 ஆகியவை விடை அல்ல. சுற்றுகளைக் கூட்டினால் அவை இன்னும் குறையும். அந்த நான்கு முனைகளுக்கும் உரிய விடை எதிர்ம முடிவிலி. n-ஆவது சுற்றில் மாறிய முனைகள் அனைத்தையும் சேகரித்து, அவற்றிலிருந்து எட்டக்கூடிய முனைகளையும் அகலவாட்டுத் தேடலால் குறித்துவிட்டால் இந்தப் பட்டியல் முழுமையாகும்.

"கிராஃபில் எங்கேனும் எதிர்மச் சுழற்சி உண்டா" என்று கேட்டிருந்தால், ஒரே முனையிலிருந்து தொடங்குவது போதாது. அந்த முனையிலிருந்து எட்டாத சுழற்சி கண்ணில் படாது. அப்போது எல்லா முனைகளின் தொடக்கத் தூரத்தையும் 0 என வைக்க வேண்டும். எல்லா முனைகளுக்கும் எடை 0 உள்ள விளிம்புகளைக் கொண்ட ஒரு கற்பனை முனையிலிருந்து தொடங்குவதற்கு இது சமம். சுழற்சி சரியாகக் கிடைக்கும். ஆனால் `d`-இல் உள்ள எண்களைத் தூரங்களாக அச்சிடக் கூடாது.

கிராஃப் திசையற்றது என்றால் கதை வேறு. திசையற்ற விளிம்பை இருபுறமும் சேர்த்து எழுதும்போது, −2 எடையுள்ள ஒரே விளிம்பு u→v→u என்று −4 எடையுள்ள சுழற்சியாகிவிடும். அத்தகைய கேள்விக்கு இந்த நிரல் எப்போதும் "சுழற்சி உண்டு" என்றே சொல்லும், பல நேரம் இரண்டே முனைகளைக் காட்டியபடி.