படப்பிடிப்பு டைரி: இடது பக்கத்தைக் காலியாக விடுங்கள்

ராத்திரி வீட்டுக்குப் போய் எழுதிய டைரியில் எனக்கு மிஞ்சியது ‘வெயில் அதிகம், ஷாட் முடிந்தது’ மட்டும்தான். படிப்புக்கான மதிப்பீட்டில் கேட்பதோ, ஏன் அப்படி எடுத்தாய் என்பதை. இப்போது கேமராவை நகர்த்தும்போதெல்லாம் வலது பக்கத்தில் எழுதுகிறேன்: மணி, ஷாட் எண், திட்டம் என்ன, எதை மாற்றினோம், ஏன். இரண்டு நிமிட வேலை. இடது பக்கம் காலி. ஃபுட்டேஜ் பார்த்த பிறகு வேறு நிற மையில் அதை நிரப்புவேன்.

பெசன்ட் நகர் கடற்கரையில், எதிரெதிரே உட்கார்ந்து இருவர் பேசும் காட்சி. வலது பக்கக் குறிப்பு: “7.20. ஷாட் 5. கடலைப் பார்த்து எடுப்பதாகத் திட்டம். சூரியன் பின்னால், முகம் இருட்டு. கேமராவைக் கடல் பக்கம் கொண்டுபோனோம்.”

எடிட்டில் உட்கார்ந்தபோது ஷாட் 4-இல் வலப்பக்கம் பார்த்துப் பேசியவள், ஷாட் 5-இல் இடப்பக்கம் பார்த்தாள். இருவருக்கும் இடையே ஓடும் கற்பனைக் கோட்டைக் கேமரா தாண்டிவிட்டது. இடது பக்கத்தில் எழுதியது: “வெளிச்சத்தைச் சரிசெய்யப் போய்ப் பார்வைத் திசை போச்சு. கேமரா அசையாமல், தெர்மாகோல் பலகையால் முகத்தில் வெளிச்சம் திருப்பியிருக்கலாம்.”

வலது பக்கத்தைப் பிறகு திருத்தவே கூடாது, அசட்டுத்தனமாகத் தெரிந்தாலும். கடற்கரையில் ஜெல் பேனா வேண்டாம், வியர்வையில் கரையும், பென்சில் போதும்.