போன் பேச்சைத் தமிழில் எழுத்தாகப் படிக்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

காது சரியாகக் கேட்காதவர்கள் போன் பேச்சைத் திரையில் படிக்க ஆண்ட்ராய்டில் Live Caption, Live Transcribe என்று இரண்டு வசதிகள் உண்டு. பெயர் ஒன்றுபோல இருப்பதால் குழப்பம் அங்கேயே ஆரம்பிக்கிறது. Live Caption போனுக்குள் ஓடும் ஒலியை எழுத்தாக்கும். 2019இல் அது ஆங்கிலத்தோடுதான் வந்தது. உங்கள் போனில் அதன் மொழிப் பட்டியலில் தமிழ் இல்லாவிட்டால், தமிழ் அழைப்புக்குச் சம்பந்தமில்லாத ஆங்கிலச் சொற்கள்தான் ஓடும். Live Transcribe மைக்கில் விழுவதை எழுதும். அதில் தமிழ் உண்டு. ஆனால் இணைய இணைப்பு வேண்டும்.

சரி, Live Transcribe திறந்தாயிற்று. அடுத்து, பேசிக்கொண்டிருக்கும் போனிலேயே அதை ஓட விடுவார்கள். அழைப்பு நடக்கும்போது ஆண்ட்ராய்டு மைக்கை வேறு ஆப்புக்குக் கொடுப்பதில்லை. திரை வெறுமையாக நிற்க, ஆப் கெட்டுவிட்டது என்று அழித்துவிட்டு மறுபடி நிறுவுவார்கள், பாவம். இதற்கு இரண்டாவது போன் வேண்டும். அழைப்பை ஸ்பீக்கரில் போட்டு, அந்த ஸ்பீக்கர் துளைக்குப் பக்கத்தில் இரண்டாவது போனின் மைக்கை வையுங்கள். காது கருவி புளூடூத்தில் இணைந்திருந்தால் ஒலி அங்கே போய்விடும், ஸ்பீக்கரில் வராது. அழைப்புத் திரையிலேயே ஒலியை ஸ்பீக்கருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நீங்கள் பேசுவதும் அதே திரையில்தான் விழும் என்பதால், எதிராளி முடிக்கும்வரை பொறுப்பது நல்லது.

பெரிய தவறு, விழுந்த வரியை அப்படியே நம்புவது. செய்தி வாசிப்பதுபோல் நிதானமாகப் பேசினால் தமிழ் ஓரளவு நன்றாகவே வரும். வீட்டுப் பேச்சில்தான் சிக்கல். ‘வேணும்’, ‘வேணாம்’ இரண்டுக்கும் நடுவே ஓர் உயிரொலிதான் வித்தியாசம். ‘வரல’, ‘வரலாம்’ இன்னும் மோசம், கடைசி ஒலி அமுங்கினால் பொருளே தலைகீழ். எண்களில் தொண்ணூறும் தொள்ளாயிரமும் அப்படித்தான்.

மருந்துக் கடையிலிருந்து ஒருவர், “காலைல வேணாம், ராத்திரி மட்டும் ஒண்ணு போடுங்க” என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். திரையில் “காலையில் வேணும் ராத்திரி மட்டும் ஒன்று” என்று வருகிறது. வரி முன்னுக்குப் பின் முரணாக இருந்தாலே சந்தேகப்படுங்கள். “என்ன சொன்னீங்க?” என்று கேட்டால் அதே வேகத்தில் அதே சொல் வரும், அதே பிழையும் வரும். “ராத்திரி மட்டும்தானே?” என்று உங்கள் வாயால் கேளுங்கள், “ஆமாங்க” என்ற பதிலை ஆப் தவறவிடுவது குறைவு. அப்புறம், “காலைல போடக் கூடாது, சரிதானே?” என்று இன்னொரு முறை. தொகையை “ஒன்பது, பூஜ்ஜியம்” என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லச் சொல்லுங்கள்.

வரி விழுந்ததும் பதில் சொல்லிவிடாதீர்கள். பின்னால் வரும் சொற்களைக் கேட்டு ஆப் முன்னால் எழுதியதைத் திருத்தும். எழுத்து அசையாமல் நின்ற பிறகு படியுங்கள். மாத்திரைப் பெயரை மட்டும் இந்த வழியில் வாங்கவே வேண்டாம், மெசேஜில் அனுப்பச் சொல்லுங்கள்.