சம்பளம் எங்கே போகிறது? கிராப் தாளில் வரைந்து பாருங்கள்

கிராப் தாளில் ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் ரூபாயாக வையுங்கள். கைக்கு வரும் சம்பளம் 60,000 என்றால் இடது ஓரத்தில் 6 செ.மீ. அகலப் பட்டை. அதை நதி கிளை பிரிவதுபோல வலப்பக்கம் பிரித்துக்கொண்டே போங்கள். சேமிப்பை முதலில் மேலே பிரித்துவிடுங்கள், மிச்சத்தில் தேடினால் கிடைக்காது.

வேளச்சேரியில் எங்கள் வீட்டுக் கணக்கு: சேமிப்பு 10 மி.மீ., வாடகை 18, மளிகை, பால், கேஸ் 14, பள்ளி 9, பெட்ரோல், பஸ் நாலரை, கரண்ட் ஒன்றரை.

கரண்டில்தான் பலர் தவறுவார்கள். பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால், 3,000 ரூபாய் பில்லில் பாதியைத்தான் வரைய வேண்டும். அரையாண்டு சொத்து வரி கட்டுபவர்கள் அதை ஆறால் வகுத்துக்கொள்ளுங்கள்.

கிளைகளின் அகலத்தைக் கூட்டினால் 57தான் வந்தது. அந்த 3 மி.மீ. இடைவெளியைச் சிவப்பில் தீட்டிவிட்டு, அப்புறம் போனில் யுபிஐ பட்டியலைப் பார்த்தோம். பெரும்பாலும் 80, 120 என்று மாலை நேர டீ, பஜ்ஜி, ஜூஸ். இப்போது அதற்கும் ஒரு கிளை இருக்கிறது.