ஃபார்வேர்டா வந்த கல்யாண பத்திரிகைக்கு "வர முடியல"ன்னு பதில் போடுறது எப்படி

வாட்ஸப்ல ஒரு பிடிஎஃப் வந்திருக்கும். மேல பிள்ளையார், கீழ மண்டபத்தோட லொகேஷன் லிங்க், அதுக்கும் அடியில "இதையே நேரில் வந்து அழைத்ததாக ஏற்று குடும்பத்துடன் வருக"ன்னு ஒரு வரி, உங்க பேரு மட்டும் எங்கயும் இருக்காது. தேதிய பாத்த உடனே நம்மளால போக முடியாதுன்னு தெரிஞ்சிடும். இப்ப இதுக்கு பதில் போடணுமா, போட்டா எவ்வளவு உருகணும்னு தான் குழப்பம். நம்ம ஊர் பத்திரிகைல "வருவீங்களா மாட்டீங்களா"ன்னு கேக்குற வழக்கமே பெருசா கிடையாது, வராதவங்க சத்தமில்லாம வராம இருந்துடுவாங்க, அதனாலயே வரலன்னு சொல்றதுக்கு யார்கிட்டயும் ஒரு ரெடிமேட் வாக்கியம் இல்ல.

ஸ்டெப் 1: முதல்ல அது பத்திரிகை தானான்னு பாருங்க

தெரியாத நம்பர்ல இருந்து "கண்டிப்பா வரணும்"னு ஒரு ஃபைல் வந்தா தொடாதீங்க. பேரோட கடைசில .apk ன்னு இருந்தா அது பத்திரிகையே இல்ல, போன்ல இன்ஸ்டால் ஆகுற ஆப். 2024 கடைசில ஹிமாச்சல் பிரதேச சைபர் போலீஸ் இந்த கல்யாண பத்திரிகை மோசடிய பத்தி எச்சரிக்கை கொடுத்தாங்க. தெரிஞ்சவர் நம்பர்ல இருந்தே .apk வந்தாலும் அவர் போன் ஏற்கனவே மாட்டியிருக்குன்னு அர்த்தமா இருக்கலாம், பதில் மெசேஜ் போடாம அவருக்கு ஒரு போன் அடிச்சு சொல்லுங்க. படமோ வீடியோவோ பிடிஎஃப்போ தெரிஞ்ச ஆள்கிட்ட இருந்து வந்திருந்தா அடுத்ததுக்கு போலாம்.

ஸ்டெப் 2: ஃபார்வேர்டுன்னு இருக்குறத அவமானமா எடுத்துக்காதீங்க

மெசேஜ் மேல Forwarded ன்னு இருந்தா நிறைய பேருக்கு சுருக்குன்னு தைக்கும். கொஞ்சம் யோசிச்சு பாருங்க, பத்திரிகைய டிசைன் பண்ணவர் பையனுக்கு அனுப்பியிருப்பாரு, பையன் அப்பாவுக்கு அனுப்பியிருப்பான், அப்பா அத அப்படியே தள்ளி விட்டிருப்பாரு, உங்களுக்குன்னே பாத்து அனுப்பியிருந்தாலும் அந்த லேபிள் வரத்தான் செய்யும். இதுக்கு நேர் எதிரான விஷயமும் உண்டு. பிராட்காஸ்ட் லிஸ்ட்ல ஒரே தடவையில 256 பேர் வரைக்கும் அனுப்பலாம், ஆனா உங்க போன்ல அது உங்களுக்கு மட்டும் தனியா வந்த மெசேஜ் மாதிரியே நிக்கும். அதனால லேபிள் இருக்கா இல்லையாங்குறத வச்சு எந்த முடிவுக்கும் வர முடியாது.

பாக்க வேண்டியது வேற ரெண்டு. ஒண்ணு, பத்திரிகைக்கு கீழ உங்க பேர சொல்லி ஒரு வரியாவது தட்டியிருக்காங்களா. ரெண்டு, அது தனி சாட்ல வந்துச்சா, இல்ல குரூப்ல போட்டு விட்டாங்களா. நெருங்கின சொந்தமா இருந்தா பதில் போட அவசரப்படாதீங்க, ரெண்டு மூணு நாள் விடுங்க. பல வீடுகள்ல ஃபார்வேர்டு முதல்ல வரும், போன் அப்புறம் வரும், வெத்தல பாக்கு குங்குமத்தோட தட்டுல வச்சு நேர்ல பத்திரிகை வைக்கிறது கடைசியா வரும். அவங்க வீட்டு வாசலுக்கு வர்றதுக்கு முன்னாடியே நீங்க "வர முடியாது"ன்னு மெசேஜ் தட்டிட்டீங்கன்னா வர்றவங்களுக்கும் சங்கடம், காப்பி குடுக்குற உங்களுக்கும் சங்கடம்.

ஸ்டெப் 3: மொய் நோட்ட எடுங்க

எவ்வளவு தனிப்பட்டு பதில் போடணுங்குறத அவங்க அனுப்பின விதத்த வச்சு அளக்காதீங்க, உங்க ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஏற்கனவே என்ன போக்குவரத்து இருக்குன்னு பாத்து அளங்க. அதுக்கு சரியான இடம் உங்க வீட்டு மொய் நோட்டு தான். உங்க கல்யாணம், கிரகப்பிரவேசம், பிள்ளைக்கு காதுகுத்து, இதுல எதுலயாவது அவங்க பேர் இருக்கா? இருந்தா அவங்க ஒரு நாள் கிளம்பி வந்து உங்க பந்தியில உக்காந்திருக்காங்க, அதுக்கு வெறும் வாழ்த்து ஸ்டிக்கர் போதாது. நோட்டுல பேரே இல்ல, அபார்ட்மென்ட் குரூப்ல இருநூறு பேருக்கு போட்ட பத்திரிகைன்னா, அதே குரூப்ல "மணமக்களுக்கு வாழ்த்துக்கள்"னு ஒரு வரி போட்டா முடிஞ்சுது, அங்க போய் "எங்களால வர முடியல"ன்னு அறிவிக்க வேண்டிய அவசியமே இல்ல, உங்கள யாரும் இலைக் கணக்குல சேக்கல.

சித்தப்பா பையன், அத்தை பொண்ணு, கூடவே படிச்சு வளந்த சிநேகிதன், இவங்கன்னா மெசேஜ்ல மறுக்கவே கூடாது, அவங்க அனுப்பினது எவ்வளவு மொட்டையா இருந்தாலும் சரி. போன் தான். அதுவும் பெரியவங்க வீடுன்னா பெரியவர்கிட்டயே பேசுங்க. "பத்திரிகைய வாட்ஸப்ல போட்டு விட்டீங்களே மாமா"ன்னு ஒரு குத்து மனசுக்குள்ள இருக்கும், இருக்கட்டும், அதையும் வரலங்குறதையும் ஒரே போன்ல பேசினா நேர்ல வந்து கூப்பிடாததுக்கு தான் நீங்க வரலன்னு அவங்க முடிவு கட்டிடுவாங்க, அப்புறம் அது வருஷக்கணக்குல ஓடும்.

மெனக்கெட வேண்டியது இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்குறவங்களுக்கு தான்.

ஸ்டெப் 4: எழுதுறது

ஒரு கேஸ் எடுத்துக்கலாம். பழைய ஆபீஸ்ல உங்க பக்கத்து சீட்ல இருந்த அண்ணன், வேலைய விட்டு சொந்த ஊருக்கு போய்ட்டாரு, பேசி ரெண்டு மூணு வருஷம் ஆச்சு. அவர் பொண்ணுக்கு ஆவணி கடைசி முகூர்த்தத்துல பாளையங்கோட்டையில கல்யாணம், புதன்கிழமை காலைல 6 மணியில இருந்து 7.30க்குள்ள முகூர்த்தம், முந்தின நாள் சாயங்காலம் வரவேற்பு. நீங்க சென்னையில. அந்த வாரம் பையனுக்கு காலாண்டு பரீட்சை. வந்தது ஒரு பிடிஎஃப், அடியில எல்லாருக்கும் பொதுவா "அனைவரும் வருக". நோட்ட புரட்டினா உங்க கிரகப்பிரவேசத்துக்கு வந்து அவர் 500 எழுதியிருக்காரு.

இப்படி போடலாம்:

"அண்ணே, பாப்பா கல்யாண பத்திரிகை பாத்தேன், ரொம்ப சந்தோஷம். லீவு நாள்ல உங்க கூட ஆபீஸுக்கு வந்து என் டேபிள்ல உக்காந்து படம் வரைஞ்சுட்டு இருக்கும், அதுக்குள்ள கல்யாணமா! அந்த வாரம் பையனுக்கு காலாண்டு பரீட்சை, அதனால வர முடியாத சூழ்நிலைண்ணே. பொண்ணு மாப்பிள்ளை ரெண்டு பேரும் நல்லா இருக்கணும், எங்க வீட்ல எல்லாரோட வாழ்த்தையும் சொல்லிடுங்க. கல்யாண வேலையெல்லாம் முடிஞ்சு நீங்க கொஞ்சம் ஓஞ்சதும் போன் பண்றேன்."

இதுல அவருக்குன்னே எழுதினது ஒரே ஒரு வரி தான், அந்த படம் வரையுற வரி. பேர மாத்தி இன்னொருத்தருக்கு அனுப்ப முடியாத வரி அது ஒண்ணு போதும், மொத்த மெசேஜும் அவருக்கே தட்டின மாதிரி ஆயிடும். அந்த மாதிரி எதுவும் ஞாபகம் வரலன்னா வலிஞ்சு சேக்காதீங்க, பொண்ணு பேரையும் மாப்பிள்ளை பேரையும் பத்திரிகைல பாத்து சரியா எழுதினாலே நீங்க அத தெறந்து படிச்சீங்கன்னு தெரியும். நாலு பாரா போறது இங்க ஆகாது, பொது மெசேஜுக்கு கடிதமே எழுதுனா "நாம இவர நேர்ல கூப்பிட்டிருக்கணுமோ"ன்னு அவருக்கு உறுத்தும்.

வரிசையும் முக்கியம். சந்தோஷம் முதல்ல, காரணம் நடுவுல, வாழ்த்து கடைசில. "வரமாட்டேன்"னு எழுதாதீங்க, அது முகத்துல அடிச்ச மாதிரி இருக்கும், "வர முடியாத சூழ்நிலை" தான் நம்ம வழக்கம். "மன்னிச்சிடுங்க" ஒரு தடவைக்கு மேல வந்தா, கல்யாண வேலைக்கு நடுவுல அவர் உங்கள சமாதானப்படுத்த வேண்டியதா போகும்.

காரணம் ஒண்ணு போதும், மூணு சொன்னா மூணும் பொய்யின்னு தோணும். அதே முகூர்த்தத்துல சொந்தத்துல இன்னொரு கல்யாணம்னா தாராளமா சொல்லலாம், ஆவணியிலயும் தையிலயும் ஒரே நாள்ல நாலு பத்திரிகை வர்றது எல்லாருக்கும் நடக்குறது தான். ஆனா ரெண்டும் ஒரே ஆபீஸ் நண்பர்கள் வீட்டு கல்யாணம்னா அத காரணமா சொல்லாதீங்க, "அவன் வீட்டுக்கு போறான், நம்ம வீட்டுக்கு வரல"ன்னு தான் காதுல விழும். உங்க வீட்ல ஒரு சாவு, தீட்டு இருக்குன்னா அதையும் கல்யாண மெசேஜ்ல எழுத வேணாம், "வீட்ல ஒரு சூழ்நிலை"னு நிறுத்திக்கலாம், விஷயம் தெரிஞ்சவங்களுக்கு புரிஞ்சிடும்.

இன்னொண்ணு, வெறும் கட்டைவிரல் போடாதீங்க. நீங்க "பாத்துட்டேன்"னு நினைச்சு போடுவீங்க, அவங்க "வர்றாங்க"ன்னு எடுத்துப்பாங்க. "ட்ரை பண்றேன்" அதைவிட மோசம், ஏன்னா அத வச்சு சிலர் ரூம் கூட போட்டு வச்சிடுவாங்க.

எப்ப அனுப்புறது? வந்து ரெண்டு நாளைக்குள்ள, தனி சாட்ல. குரூப்ல வந்திருந்தாலும் மறுக்குறது தனியா தான், நீங்க குரூப்ல வரலன்னு போட்டீங்கன்னா அதுக்கு கீழயே இன்னும் ஏழு பேர் "எங்களாலயும் முடியல"ன்னு வரிசை கட்டுவாங்க, பாக்குறவங்களுக்கு பகீர்னு இருக்கும். அனுப்பினவர் வயசானவர்னா வாட்ஸப்ப வீட்ல வேற யாராவது தான் பாத்துட்டு இருப்பாங்க, அவருக்கு அரை நிமிஷம் வாய்ஸ் நோட்டு நல்லது.

ஸ்டெப் 5: "அதெல்லாம் இல்ல, கண்டிப்பா வரணும்"னு திருப்பி வந்தா

பெரும்பாலும் வரும். இது மரியாதைக்கு சொல்றதா நிஜமா கூப்பிடுறதான்னு பாருங்க. மெசேஜ்லயே வந்தா மரியாதை, "உங்க ஆசீர்வாதத்துல எல்லாம் நல்லா நடக்கட்டும்ணே"ன்னு ஒரு வரியோட முடிச்சிடலாம், காரணத்த மறுபடி விளக்காதீங்க. எடுத்து போன் பண்ணி "ஒருத்தராவது வாங்க, ஸ்டேஷன்ல இருந்து கூட்டிட்டு வர ஆள் அனுப்புறேன்"னு சொன்னா அது பொது மெசேஜ் இல்ல இனிமே, உங்க பேர சொல்லி கூப்பிட்டாச்சு, வீட்ல ஒருத்தர் மட்டும் நைட்டு ட்ரெயின்ல போய் முகூர்த்தத்த பாத்துட்டு அன்னிக்கே திரும்ப முடியுமான்னு நிஜமாவே யோசிக்கலாம்.

ஸ்டெப் 6: மொய்

நோட்டுல அவங்க பேர் இருந்தா போகலன்னாலும் மொய் போகணும். ஆனா "வர முடியல"ங்குற மெசேஜோட சேத்து ஜிபேல பணம் அனுப்பாதீங்க, பணத்த குடுத்து கணக்க முடிக்கிற மாதிரி இருக்கும். அதே கல்யாணத்துக்கு போற பொது நண்பர் யாராவது இருந்தா கவர்ல உங்க பேரும் ஊரும் எழுதி அவர்கிட்ட குடுத்து விடுறது தான் நல்லது, மொய் எழுதுற இடத்துல உங்க பேர் அன்னிக்கே ஏறிடும். யாரும் போகலன்னா கல்யாணத்தன்னிக்கு காலைல அனுப்புங்க, நோட் எழுதுற இடத்துல பேரு, ஊரு ரெண்டையும் போடுங்க, ஏன்னா அன்னிக்கு அவர் அக்கவுன்ட்ல இருபது பேர்கிட்ட இருந்து பணம் வந்திருக்கும், ஒரே பேர்ல மூணு பேர் இருப்பாங்க, ராத்திரி உக்காந்து நோட்டுல ஏத்துறவங்களுக்கு "சென்னை, பழைய ஆபீஸ்"னு இருந்தா தான் உங்கள அடையாளம் தெரியும். தொகை அவர் எழுதினதுக்கு குறையாம, நம்ம கேஸ்ல 501. பொண்ணுக்கு கொஞ்சம் கூட செய்யணும்னு தோணினா 1001. அனுப்பின ஸ்க்ரீன்ஷாட்ட அவருக்கு போட வேணாம், உங்க நோட்டுல தேதியோட எழுதி வச்சுக்கோங்க.