EAC சூத்திரங்கள் குழம்பினால் அட்டையை மாற்றுங்கள்

திட்ட மேலாண்மைச் சூத்திரங்களை நினைவட்டைகளில் எழுதிப் படிக்கிறேன். செலவுத் திறனைக் காட்டும் CPI, கால அட்டவணைத் திறனைக் காட்டும் SPI அட்டைகள் சீக்கிரம் மனதில் நின்றன. திட்டம் முடியும்போது மொத்தம் எவ்வளவு செலவாகும் என்று மதிப்பிடும் EAC மட்டும் திரும்பத் திரும்பத் தவறியது. கோளாறு ஞாபகத்தில் இல்லை, அட்டையில்தான். "EAC சூத்திரம் என்ன?" என்று கேட்டால் சரியான விடை ஒன்றல்லவே!

அந்த அட்டையை நீக்கிவிட்டு, சூழ்நிலையைக் கேட்கும் இரண்டு அட்டைகள் போட்டேன். இதுவரை இருந்த செலவுப் போக்கே தொடருமா? `EAC = BAC / CPI`. நடந்தது ஒருமுறை நேர்ந்த பிசகு, மீதி வேலை திட்டப்படியே போகுமா? `EAC = AC + (BAC − EV)`.

இரண்டுக்கும் ஒரே கணக்கு: மொத்த பட்ஜெட்டான BAC 1000, முடிந்த வேலையின் திட்ட மதிப்பான EV 400, உண்மையில் ஆன செலவான AC 500. EV-ஐ AC-ஆல் வகுத்தால் CPI 0.8. முதல் வழியில் 1250, இரண்டாவதில் 1100. இந்த 150 வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்தபின் குழப்பம் வெகுவாகக் குறைந்தது.

மறுபார்வை 1, 3, 7, 14 நாள் இடைவெளியில். தவறினால் மீண்டும் முதல் நாள். நினைவட்டைச் செயலியான Anki வழக்கமாக 8 முறை மறந்த அட்டைக்குத்தான் `leech` குறி போடும்; அது ரொம்பத் தாமதம். மூன்றாவது தவறிலேயே நிறுத்தி, அட்டையைப் பிரித்து எழுதி, அந்தத் தலைப்பில் எண்களை மாற்றி ஐந்து கணக்குப் போட்ட பிறகே திரும்பச் சேர்க்கிறேன்.